டவுன்லோடு பார் ஏன் மொத்த அளவைக் காட்டுவதில்லை, ஏன் பின்னால் போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. உடன் வேலை செய்யும் தமிழ் நண்பர்கள், அடுக்ககத்துப் பிள்ளைகள், சொந்தமாக ஆப் எழுதும் தம்பிமார் என்று பலர் இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில் இருக்கின்றன. போகப் போகச் சிக்கலானவை வரும்.

"அக்கா, சில ஃபைலுக்கு '120 எம்பி-ல 38 எம்பி'ன்னு காட்டுது. சிலதுக்கு வெறும் '38 எம்பி'ன்னு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. ஏன் இப்படி?"

பிரவுசருக்குச் சொந்தமாகத் தெரிவது ஒரே ஓர் எண்தான்: இதுவரை எத்தனை பைட் கைக்கு வந்தது என்பது. மொத்தம் எவ்வளவு என்பதைச் சர்வர்தான் சொல்ல வேண்டும். ஃபைலை அனுப்பத் தொடங்குவதற்கு முன் சர்வர் சில வரிகளை அனுப்பும். அவற்றை ஹெடர் என்கிறோம். அதில் `Content-Length: 125829120` என்று ஒரு வரி இருந்தால், பிரவுசர் வந்ததை மொத்தத்தால் வகுத்துச் சதவீதம் போடும், மீதி நேரத்தையும் கணக்கிடும். 125829120 பைட் என்பதுதான் நீங்கள் பார்த்த 120 எம்பி.

அந்த வரி வரவில்லை என்றால் வகுக்க எண் இல்லை. அதனால் பார் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது வந்த அளவை மட்டும் காட்டும். டெர்மினலில் ஃபைல் இறக்க `wget` பயன்படுத்துகிறவர்கள் `Length: unspecified` என்ற வரியையும், அதன் கீழே ஊசலாடும் `<=>` குறியையும் பார்த்திருப்பீர்கள். எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. டவுன்லோடு சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

"ஃபைல் சர்வர்லதானே இருக்கு? அதோட அளவு சர்வருக்கே தெரியாதா?"

டிஸ்க்கில் தயாராகக் கிடக்கும் ஃபைல் என்றால் தெரியும், சொல்லியும்விடும். ஆனால் நாம் இறக்கும் பலவும் அந்த நேரத்தில் ஃபைலாகவே இருப்பதில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும் ரிப்போர்ட் கேட்டு பட்டனை அழுத்துகிறார். சர்வர் டேட்டாபேஸில் வரி வரியாக எடுத்து, எடுத்த கையோடு அனுப்புகிறது. முதல் வரி அவருடைய லேப்டாப்புக்கு வந்து சேரும்போது கடைசி வரி டேட்டாபேஸை விட்டே கிளம்பியிருக்காது. மொத்தம் எத்தனை பைட் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. பல போட்டோக்களைத் தேர்ந்தெடுத்து ஒரே ஜிப்பாக இறக்கும்போதும் பெரும்பாலும் இதே கதைதான். ஜிப் போகப் போகத்தான் உருவாகிறது.

முழு ரிப்போர்ட்டையும் முதலில் தயாரித்து, அளந்து, பிறகு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பலாம். அப்படிச் செய்தால் தயாராகும் வரை பயனரின் திரையில் ஒரு பைட்கூட வராது. சர்வர் அத்தனையையும் நினைவகத்திலோ தற்காலிக ஃபைலிலோ வைத்திருக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வர் திணறும். இடையில் இருக்கும் ப்ராக்ஸி, நீண்ட நேரம் பதில் வரவில்லை என்று இணைப்பை அறுத்துவிடவும் கூடும். அதனால் அளவு தெரியாமலே அனுப்பத் தொடங்குவதுதான் பல நேரங்களில் நல்ல முடிவு.

"சங்க்டு டிரான்ஸ்ஃபர்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன? மத்த ஃபைல் எல்லாம் ஒரே துண்டாவா வருது?"

நெட்வொர்க்கில் எல்லாமே சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் வருகிறது. சங்க் என்பது அந்தப் பாக்கெட் இல்லை. மொத்த அளவைச் சொல்ல முடியாத சர்வர், 'இந்த ஒரு துண்டு இவ்வளவு' என்று ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவை எழுதி அனுப்பும் முறை அது. எச்டிடிபி 1.1 நெறியில் வந்த ஏற்பாடு, 1997-லேயே வெளியானது. ஹெடரில் `Content-Length` இருக்க வேண்டிய இடத்தில் `Transfer-Encoding: chunked` என்று வரும். பிறகு கீழே இருப்பதுபோல உள்ளடக்கம் வரும்:

```
HTTP/1.1 200 OK
Content-Type: text/plain; charset=utf-8
Transfer-Encoding: chunked

1b
பெங்களூரு
12
மும்பை
0

```

`1b`, `12` என்பவை பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்கள். `1b` என்றால் 27. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'பெங்களூரு' என்பதில் ப, ஒற்றைக்கொம்பு, ங, புள்ளி, க, ள, ஊகாரக் குறி, ர, உகாரக் குறி என்று ஒன்பது குறிகள்; ஒன்பது மூன்று இருபத்தேழு. 'மும்பை'க்கு ஆறு குறிகள், 18 பைட். அதைத்தான் `12` என்று எழுதியிருக்கிறது. அதைச் சாதாரண பன்னிரண்டு என்று படித்தால் கணக்கு உதைக்கும். கடைசியில் வரும் `0`, இனி எதுவும் இல்லை என்று சொல்லும் துண்டு. ஒவ்வொரு அளவுக்குப் பின்னும், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இரண்டு பைட் வரிமாற்றக் குறி உண்டு. நாம் அனுப்ப நினைத்தது 45 பைட். நெட்வொர்க்கில் போனது 62 பைட்.

இத்தனை சிறிய துண்டுகளுக்குத்தான் இந்தக் கூடுதல் சுமை பெரிதாகத் தெரிகிறது. ஒரு துண்டு 16384 பைட் இருந்தால் கூடுதலாக எட்டே பைட்தான். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: துண்டின் அளவு தெரிகிறதே தவிர, மொத்தம் எத்தனை துண்டு என்று எங்கும் எழுதியிருக்காது. வழியில் இருக்கும் ப்ராக்ஸி துண்டுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். நெறி அதை அனுமதிக்கிறது. ஆகவே துண்டுகளை எண்ணிச் சதவீதம் போட முயல வேண்டாம்.

"மொத்த அளவே தெரியாதுன்னா, ஃபைல் முழுசா வந்துடுச்சுன்னு பிரவுசர் எதை வெச்சு முடிவு பண்ணுது?"

மேலே பார்த்த அந்த `0` துண்டுதான் அடையாளம். அது வந்தால் முழுமை. வராமல் இணைப்பு அறுந்தால் குறை. குரோமில் அப்போது `ERR_INCOMPLETE_CHUNKED_ENCODING` என்ற பிழையைப் பார்க்கலாம். டெர்மினலில் இறக்கும் `curl` என்றால் `transfer closed with outstanding read data remaining` என்று சொல்லி 18 என்ற எண்ணோடு வெளியேறும். இதற்கு முந்தைய எச்டிடிபி 1.0 காலத்தில் இந்த வசதி இல்லை. அளவு சொல்லாத சர்வர் இணைப்பை மூடினால் அதுதான் முடிவு. அனுப்பி முடித்து மூடியதா, நடுவழியில் செத்ததா என்று பெறுபவருக்குத் தெரியவே தெரியாது. சங்க் முறை வந்ததன் பெரிய லாபம் இந்தத் தெளிவுதான்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் `200 OK`, அதாவது எல்லாம் சரி என்று முதல் வரியை ஏற்கெனவே அனுப்பிவிட்டது. பாதி ரிப்போர்ட் போன பிறகு டேட்டாபேஸ் இணைப்பு போகிறது. சொன்ன 200-ஐத் திரும்பப் பெற்று, சர்வரில் பிழை என்று சொல்லும் 500 ஆக மாற்ற வழியில்லை. சர்வரில் எழுதியிருக்கும் புரோகிராம் அந்தப் பிழையைப் பிடித்து, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, வழக்கம்போலப் பதிலை முடித்துவிட்டால் என்ன ஆகும்? `0` துண்டு ஒழுங்காகப் போய்விடும். பிரவுசர் 'முடிந்தது' என்று காட்டும். கணக்குப் பிரிவுக்காரர் நவம்பரோடு நின்றுபோன ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கைக் கூட்டுவார். இதை நான் மிகவும் மோசமான பிழையாக நினைக்கிறேன். பார் பின்னால் போனால் எரிச்சல்தான் வரும். இது தவறான எண்ணைக் கையில் கொடுக்கிறது.

சர்வர் பக்கம் எழுதுகிறவர்கள், நடுவில் பிழை வந்தால் `0` அனுப்பாமல் இணைப்பை முறித்துவிட வேண்டும். அப்போதுதான் பெறுபவருக்குக் குறை தெரியும். பெறுகிறவர்கள் ஃபைலின் வாலைப் பார்க்கலாம். ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது, அதனால் அறுந்த ஜிப் சாதாரணமாகத் திறக்காது. ஜிஜிப் ஃபைலின் கடைசி எட்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் அளவும் இருக்கின்றன. `gzip -t` கொடுத்தால் சொல்லிவிடும். சிஎஸ்விக்கு இப்படிப்பட்ட வால் கிடையாது. அதனால் கடைசி வரியில் 'மொத்தப் பதிவுகள் இத்தனை' என்று எழுதச் சொல்லி எங்கள் குழுவிடம் வற்புறுத்துவேன்.

"அதே லிங்க், அதே ஃபைல். போன வாரம் மொத்த அளவு காட்டுச்சு, இப்போ காட்டல. ஃபைல்ல யாரும் கை வைக்கல, சத்தியமா."

ஃபைலில் கை வைத்திருக்க மாட்டார்கள். சர்வர் அமைப்பில் வைத்திருப்பார்கள். எங்களிடம் நடந்த ஒன்றையே சொல்கிறேன். 84 எம்பி சிஎஸ்வி ஒன்று, டிஸ்க்கில் தயாராக இருக்கும் ஃபைல். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். ஒரு நாள் பலருக்கும் சதவீதம் மறைந்துபோனது. இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தோம்; முதலாவது சுருக்கம் வேண்டாம் என்று, இரண்டாவது சுருக்கி அனுப்பலாம் என்று:

```
curl --http1.1 -sD - -o /dev/null https://example.com/report.csv
curl --http1.1 -sD - -o /dev/null -H "Accept-Encoding: gzip" https://example.com/report.csv
```

முதல் பதிலில் `Content-Length: 88080384`, `Accept-Ranges: bytes` இரண்டும் இருந்தன. இரண்டாவதில் இரண்டுமே இல்லை. பதிலாக `Transfer-Encoding: chunked`, `Content-Encoding: gzip` என்று வந்தது. பிரவுசர் எப்போதும் இரண்டாவது விதமாகத்தான் கேட்கும். என்ஜின்எக்ஸில் `gzip` போட்டாலும் இயல்பாக `text/html` மட்டும்தான் சுருங்கும். யாரோ வேகம் கூட்டும் நல்லெண்ணத்தில் `gzip_types` வரியில் `text/csv`-ஐயும் சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து என்ஜின்எக்ஸ் ஃபைலை அனுப்பும்போதே சுருக்கியது. சுருங்கிய பிறகு எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா, அதனால் அளவு வரியை எடுத்துவிட்டது.

மருந்து இரண்டு. அந்த ஒரு பாதைக்கு மட்டும் `gzip off;` போடலாம். சதவீதம் திரும்பிவிடும், ஆனால் 84 எம்பி முழுதாகப் போகும். அல்லது ஃபைலை இரவிலேயே சுருக்கி `report.csv.gz` என்று பக்கத்தில் வைத்து `gzip_static on;` போடலாம். தயாராக இருக்கும் ஃபைல் என்பதால் சுருங்கிய அளவை `Content-Length`-ஆகச் சொல்லும். எங்கள் சிஎஸ்வி 12 எம்பி ஆகச் சுருங்கியது. மொபைல் நெட்டில் இறக்குகிறவர்களை நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தோம். இந்தச் சோதனைக்கு `curl -I` போதாதா என்று கேட்பார்கள். அது ஹெடரை மட்டும் கேட்கும் வேறு வகைக் கோரிக்கை. சில சர்வர்கள் அதற்கு வேறு மாதிரி பதில் தரும். உண்மையான டவுன்லோடில் என்ன நடக்கிறது என்று தெரிய மேலே உள்ளபடியே கேளுங்கள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி Content-Length எடுத்து என் ஆப்ல வகுத்தேன். பார் 100 தாண்டி 700%ன்னு போகுது!"

சற்று முன் சொன்ன 84-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழு வருகிறது. `Content-Length` நெட்வொர்க்கில் வரும் சுருங்கிய அளவைச் சொல்கிறது. பிரவுசரில் `fetch` கொடுத்து `response.body`-யைப் படித்தால் உங்கள் கைக்கு வருவது ஏற்கெனவே விரிந்த பைட்டுகள். மேலே ஓர் அளவுகோல், கீழே வேறோர் அளவுகோல். நெட்வொர்க் பக்க எண்ணிக்கையை `fetch` தருவதில்லை.

`Content-Encoding` இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு, வந்த அளவை மட்டும் காட்டுங்கள். சர்வரும் உங்களுடையது என்றால் விரிந்த அளவை `X-Full-Size` மாதிரி உங்கள் சொந்த ஹெடரில் அனுப்பி அதனால் வகுக்கலாம். ஆப் ஒரு டொமைனிலும் சர்வர் வேறொன்றிலும் இருந்தால், `Access-Control-Expose-Headers`-இல் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஹெடர் வந்தும் உங்கள் புரோகிராம் கண்ணுக்குத் தெரியாது.

"சென்னை ரயில்ல ஒரு 1.4 ஜிபி ஃபைல் இறக்கினேன். 62% வந்துச்சு. பங்காருபேட்டை தாண்டி சிக்னல் போய் வந்ததும் மறுபடி 0-ல இருந்து ஆரம்பிச்சுடுச்சு. அநியாயமா இல்லையா?"

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால் டவுன்லோடு செய்யும் புரோகிராம் 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்க வேண்டும், சர்வரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஃபைல் 1468006400 பைட், அதில் 917504000 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், 62.5% ஆகிறது. நல்லபடியாக நடந்தால் பேச்சு இப்படி இருக்கும்:

```
Range: bytes=917504000-

HTTP/1.1 206 Partial Content
Content-Range: bytes 917504000-1468006399/1468006400
```

இதில் பார்க்க வேண்டியது 206 என்ற எண். சர்வருக்கு இந்த வசதி இல்லாவிட்டால் `Range` வரியைக் கண்டுகொள்ளாமல் 200 என்று சொல்லி முதல் பைட்டிலிருந்து முழு ஃபைலையும் அனுப்பும். இறக்கும் புரோகிராம் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். உங்கள் பார் 0-க்குப் போனது பொய்யில்லை. அந்த 875 எம்பி உண்மையிலேயே வீணாகிவிட்டது.

வசதி இருந்தும் 200 வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நல்ல புரோகிராம்கள் `If-Range` வரியில் ஃபைலின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பும்: அதே ஃபைல்தான் என்றால் மீதியைக் கொடு, மாறியிருந்தால் முழுதும் கொடு என்று அதற்குப் பொருள். நடுவில் சர்வரில் புதுப் பதிப்பு ஏறியிருந்தால் முழுதும்தான் வரும். பழைய முன்பாதியும் புதிய பின்பாதியும் ஒட்டிய ஃபைலைவிட அது எவ்வளவோ மேல். போகப் போக உருவாகும் சங்க்டு ரிப்போர்ட்டுகளுக்குப் பெரும்பாலும் தொடரும் வசதியே இருக்காது. எங்கள் சிஎஸ்வி கதையில் `Accept-Ranges` காணாமல் போனதைக் கவனித்தீர்களா? சதவீதம் போனதைத்தான் எல்லோரும் புகாராகச் சொன்னார்கள்; தொடரும் வசதியும் போனதை யாரும் பார்க்கவில்லை. ரயிலில் ஏறுவதற்கு முன், பிரவுசர் கேட்கும் விதமான மேலே உள்ள இரண்டாவது `curl` கட்டளையோடு `-r 0-99` சேர்த்துப் பாருங்கள். 206 வந்தால் தைரியமாக இறக்கலாம்.

"என்னோடது 0-க்குப் போகல. 80-ல இருந்து திடீர்னு 55-க்கு வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

பெரும்பாலும் இறங்கியது எதுவும் வீணாகவில்லை, மொத்தம் வளர்ந்திருக்கும். ஃபோல்டர் ஒத்திசைக்கும் புரோகிராம்கள் எல்லா ஃபைலையும் எண்ணி முடிக்கும் வரை காத்திருப்பதில்லை, எண்ணிக்கொண்டே இறக்கும். அதுவரை கண்டது 2 ஜிபி, அதில் 1.6 ஜிபி வந்தாயிற்று, 80%. அப்போது உள்ளே 900 எம்பி-க்கு இன்னொரு ஃபோல்டர் அகப்படுகிறது. 1.6-ஐ 2.9-ஆல் வகுத்தால் 55%. கல்யாணப் பந்தியில் ஐந்தில் நாலு பேருக்குப் பரிமாறி முடித்தபோது இன்னொரு பேருந்து வந்து நின்ற மாதிரி, சாப்பிட்டவர் சாப்பிட்டவர்தான்.

ஒரே பெரிய ஃபைலை நாலைந்து பகுதிகளாக ஒரே நேரத்தில் இறக்கும் டவுன்லோடு மேனேஜர்களில் வேறு காரணம் இருக்கலாம். ஒரு பகுதி மட்டும் அறுந்து, அதை முதலிலிருந்து கேட்கும்போது அந்தப் பகுதியின் பைட்டுகளைக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். இரண்டையும் வேறுபடுத்த, சதவீதத்தைப் பார்க்காமல் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். '1.6 ஜிபி' அப்படியே இருந்தால் மொத்தம் வளர்ந்திருக்கிறது. அதுவே குறைந்திருந்தால் ஏதோ வீணாகி மறுபடி வருகிறது.

"அப்லோடு மட்டும் ஏன் இப்படி? சட்டுன்னு 100% வந்து அங்கேயே நிக்குது, இல்லைன்னா 90-ல இருந்து 70-க்கு இறங்குது."

அப்லோடில் பார் எண்ணுவது உங்கள் புரோகிராம் வெளியே தள்ளிய பைட்டுகளை. தள்ளியவை முதலில் உங்கள் கணினியின் பஃபரில் நிற்கும், பிறகுதான் நெட்டில் போகும். சின்ன ஃபைல் என்றால் முழுதும் பஃபரிலேயே அடங்கி, ஒரு பைட்கூட வீட்டைத் தாண்டாமல் 100% காட்டிவிடும். பெரிய ஃபைலிலும் 100-ல் நிற்பதற்குக் காரணம் உண்டு: எதிரில் இருக்கும் என்ஜின்எக்ஸ் இயல்பாக முழு அப்லோடையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் பின்னால் இருக்கும் சர்வருக்குக் கொடுக்கும். அந்த இரண்டாம் பயணத்தை உங்கள் பார் பார்ப்பதே இல்லை.

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மறுமுயற்சி. பெரிய ஃபைலைப் பகுதி பகுதியாக ஏற்றும் ஆப்களில், இணைப்பு அறுந்ததும் 'உனக்கு எதுவரை வந்தது?' என்று சர்வரைக் கேட்பார்கள். நீங்கள் 90 தள்ளியிருப்பீர்கள், அங்கே பதிவானது 70 ஆக இருக்கும். பின்வாங்கிய அந்த எண்தான் நம்பத்தக்கது.

"பார் எப்பவுமே முன்னாடி மட்டும் போற மாதிரி எழுதிட்டா என்ன? பயனர் பயப்பட மாட்டாங்களே."

எழுதுவது எளிது, இதுவரை காட்டியதில் பெரியதையே காட்டு என்று ஒரு வரி போதும். எண்ணிக்கொண்டே இறக்கும் ஃபோல்டர் விஷயத்தில் அதை நான் ஏற்பேன். 80-ல் கொஞ்ச நேரம் நிற்கும், கணக்கு எட்டிப் பிடித்ததும் நகரும். இன்னும் நல்லது, எண்ணி முடிக்கும் வரை சதவீதமே காட்டாமல் '1.6 ஜிபி வந்தது, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது' என்று எழுதுவது.

முதலிலிருந்து மறுபடி இறங்கும் நிலையில் மட்டும் மறைக்காதீர்கள். மாதத்துக்கு அளவு வைத்த டேட்டா திட்டத்தில் ஒருவர் 875 எம்பி இழந்திருக்கிறார். 62%-இல் பார் அசையாமல் நின்றால் நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பார், டேட்டா கரைந்துகொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தது, மறுபடி முதலிலிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, நிறுத்தும் பட்டனை அருகிலேயே வையுங்கள்.

"ரிப்போர்ட் சுமாரா எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியும். நானே Content-Length-ல ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிட்டா?"

வேண்டவே வேண்டாம். அந்த வரியைப் பிரவுசர் உத்தேசமாக எடுத்துக்கொள்வதில்லை, பதில் எங்கே முடிகிறது என்பதற்கான எல்லையாகவே எடுத்துக்கொள்கிறது. குறைவாகப் போட்டால் ஃபைல் அந்த இடத்தில் வெட்டுப்படும். கூடுதலாகப் போட்டால் மீதி வருமென்று காத்திருந்து, இணைப்பு மூடியதும் குரோம் `ERR_CONTENT_LENGTH_MISMATCH` என்று சொல்லும். பயனருக்கு முழு ரிப்போர்ட் வந்தும் தோல்வி என்று தெரியும்.

பாதுகாப்புக்காகச் சங்க்டையும் சேர்த்துப் போடுகிறேன் என்பார்கள் சிலர். இரண்டையும் ஒன்றாக அனுப்பக்கூடாது என்கிறது நெறி. வந்துவிட்டால் பெறுபவர் சங்க்டைத்தான் மதிக்க வேண்டும். முன்னால் இருக்கும் ப்ராக்ஸி ஒன்றை மதித்து, பின்னால் இருக்கும் சர்வர் மற்றதை மதித்தால், ஒரு கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் இருவரும் வேறுபடுவார்கள். அந்த இடைவெளியில் வேறொரு கோரிக்கையை ஒளித்து அனுப்பும் தாக்குதலே உண்டு. அதற்கு ரெக்வெஸ்ட் ஸ்மக்ளிங் என்று பெயர்.

உங்களுக்கு உண்மையில் தெரிந்தது பைட் இல்லை, வரிகளின் எண்ணிக்கை. டேட்டாபேஸில் `COUNT(*)` எடுத்து `X-Row-Count` என்று சொந்த ஹெடரில் அனுப்புங்கள். ஆப் வந்த வரிகளை எண்ணிச் சதவீதம் காட்டட்டும். முகவரி போன்ற கட்டங்களுக்குள் வரிமாற்றம் இருந்தால் வெறும் வரியெண்ணிக்கை ஏமாற்றும். மேற்கோள் குறிகளைப் புரிந்துகொண்டு பதிவுகளை எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகு புதுப் பதிவுகள் சேர்ந்தால் 100-ஐச் சற்றே தாண்டவும் கூடும். உத்தேசம் என்று சொல்லிக் காட்டினால் போதும்.

"இப்ப எல்லாம் எச்டிடிபி 2. அதுல சங்க்டே கிடையாதாமே? அப்ப இந்தப் பிரச்சினையும் கிடையாதுதானே?"

சங்க் கிடையாது என்பது உண்மை. `Transfer-Encoding: chunked` அங்கே தடை செய்யப்பட்டது. எச்டிடிபி 2-இல் எல்லாப் பதிலுமே பிரேம்களாகத்தான் போகின்றன. ஒவ்வொரு பிரேமின் தலையிலும் அதன் நீளம் இருக்கிறது; கடைசி பிரேமில் `END_STREAM` என்ற கொடி ஏற்றப்படும். முன்பு `0` துண்டு செய்த வேலையை இப்போது அந்தக் கொடி செய்கிறது. ஆனால் மொத்த அளவைச் சொல்வது இங்கும் `content-length` ஒன்றுதான். முன்கூட்டித் தெரியாத சர்வருக்கு இங்கும் தெரியாது, பாரும் இங்கும் ஊசலாடும்.

சோதிக்கும்போதுதான் இது ஆளைக் குழப்பும். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் `chunked` என்ற சொல்லைத் தேடி, காணவில்லை என்றதும் காரணம் வேறு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எச்டிடிபி 2-இல் `content-length` இல்லாமலிருப்பதே அறிகுறி. மேலே நான் கொடுத்த கட்டளைகளில் `--http1.1` இருப்பதும் இதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் அதே சர்வர் அதே ஃபைலுக்கு எச்டிடிபி 2-இல் பதில் தரக்கூடும், அப்போது சங்க்டு வரியை எதிர்பார்க்க முடியாது. ப்ராக்ஸிக்கும் பின்னால் இருக்கும் சர்வருக்கும் இடையே எச்டிடிபி 1.1 ஓடும் அமைப்புகள் ஏராளம். அதனால் உங்கள் பிரவுசரில் தெரிவதை மட்டும் வைத்துப் பின்னால் நடப்பதை ஊகிக்காமல், முடிந்தால் ப்ராக்ஸி இருக்கும் கணினியிலிருந்தே உள் சர்வரை ஒருமுறை `curl` கொடுத்துக் கேளுங்கள். அங்கே அளவு வந்து வெளியே வரவில்லை என்றால் நடுவில் யாரோ சுருக்குகிறார்கள். அங்கேயே வரவில்லை என்றால் ரிப்போர்ட் எழுதியவரிடம்தான் பேச வேண்டும்.